'நாங்களுக்கு' என்று ஏன் சொல்வதில்லை?

பெங்களூரிலிருந்து மாற்றலாகி எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் ஒருவர் தமிழ் பேசப் பழகிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியம் என் மேசைக்கு வந்து, "சார், நாம சாப்பிடப் போறோம்" என்றார். நான் எழுந்து சட்டைப்பையில் பணம் இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் திகைத்து நின்றார். அவரும் இன்னும் இரண்டு பேரும் கிளம்புகிறார்கள், தொலைபேசி வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தவர் அவர். கன்னடத்தில் இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', அவரை விட்டுவிட்டால் 'நாங்கள்' என்று விளக்கினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். மறுநாள் ஒரு கேள்வியோடு வந்தார்: "நாம, நமக்கு. சரி. நாங்க என்றால் நாங்களுக்கு என்றுதானே வரணும்? எங்களுக்கு எங்கேயிருந்து வந்தது சார்?"

பிறந்ததிலிருந்து பேசிவரும் மொழியில் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பழைய இலக்கணங்களில் தேடினேன்.

தொல்காப்பியம் பெயரியலில் தன்மைப் பெயர்கள் மூன்றுதான்: யான், யாம், நாம். 'நான்' கிடையாது, 'நாங்கள்' கிடையாது. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய நன்னூலில் 'நான்' சேர்ந்துகொள்கிறது. அங்கும் 'நாங்கள்' இல்லை. அதாவது பழைய தமிழில் ஜோடி வேறு. கேட்பவரை விட்டுவிடும் சொல் 'யாம்', சேர்த்துக்கொள்ளும் சொல் 'நாம்'. வேற்றுமை உருபு ஏற்கும்போது யாம் 'எம்' ஆகும், நாம் 'நம்' ஆகும். எமக்கு, நமக்கு.

நண்பரின் கேள்விக்குப் பதில் இங்கேயே பாதி கிடைத்துவிட்டது. 'எங்களுக்கு' என்பதில் இருப்பது 'எம்' என்ற பழைய அடி. அதோடு 'கள்' சேர்ந்து 'எங்கள்' ஆகியிருக்கிறது. ஒருமையிலும் இதே கதைதான். யான் போய் நான் வந்துவிட்டது. ஆனால் 'நானுக்கு' என்று நாம் சொல்வதில்லை, 'எனக்கு' என்கிறோம். யான் விட்டுச்சென்ற 'என்' அப்படியே இருக்கிறது. பழைய வீட்டுக்கு முன்சுவரை மட்டும் புதிதாகக் கட்டியது போல, எழுவாயாக வரும் வடிவம் மட்டும் மாறியது. உருபு ஏற்கும் வடிவங்கள் மாறவில்லை.

அந்தக் 'கள்' ஏன் வந்தது என்பது அடுத்த கேள்வி. தொல்காப்பியர் காலத்தில் 'கள்' அஃறிணைக்கு உரிய பன்மை விகுதி. பின்னால்தான் அது மனிதர்களுக்கும் வந்தது: அவர்கள், நீங்கள், தாங்கள். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பன்மைச் சொற்கள் மரியாதைக்காகவும் பெருமிதத்துக்காகவும் ஒருவரையே குறிக்கத் தொடங்கின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் இராசராசன் தான் எடுப்பித்த கோயிலையும், தான் கொடுத்த கொடையையும் 'நாம்' என்ற சொல்லாலேயே சொல்கிறான். அந்த 'நாம்' ஒரே ஒரு ஆள். கேட்பவர் அதில் இல்லவே இல்லை. இப்படி ஆனபிறகு, உண்மையிலேயே பலர் என்று காட்ட இன்னொரு குறி தேவைப்பட்டிருக்கும். அதற்குக் 'கள்' கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது.

நன்னூல் சொல்லவில்லை என்பதற்காக 'நாங்கள்' அதற்குப் பிறகுதான் பிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நன்னூலுக்கு முந்திய திருப்பாவையின் மூன்றாம் பாட்டிலேயே 'நாங்கள்' இருக்கிறது. இருபத்து மூன்றாம் பாட்டில் கண்ணனை நோக்கிப் பேசும்போது அதே பெண்கள் தங்களை 'யாம்' என்கிறார்கள். பழையதும் புதியதும் ஒரே நூலில் பக்கத்தில் பக்கத்தில் புழங்கியிருக்கின்றன. இலக்கணக்காரர்கள் வாசலில் நிறுத்தி வைத்திருந்த சொல் அடுப்படி வரை போய்விட்டிருந்தது.

என்னை அதிகம் வியக்கவைத்தது வினைச்சொல். பழைய தமிழில் இந்த வேறுபாட்டை வினைமுற்றின் விகுதியே காட்டியது. நன்னூல் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. அம், ஆம் என்ற விகுதிகள் முன்னிலையாரைத் தன்னோடு சேர்க்கும். எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரைச் சேர்க்கும். ஆகவே 'உண்டாம்' என்றால் நீயும் உண்டாய். 'உண்டேம்' என்றால் நீ உண்ணவில்லை, நானும் வேறு சிலரும் உண்டோம். பெயரைச் சொல்லாமலே ஆள்கணக்கு தெரிந்துவிடும். இதற்கு இலக்கணத்தில் 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்று பெயர். இன்று எல்லாம் 'ஓம்' ஒன்றில் அடங்கிவிட்டது: நாம் உண்டோம், நாங்கள் உண்டோம். வேடிக்கை என்னவென்றால், நன்னூல் கணக்குப்படி 'ஓம்' கேட்பவரை விலக்கும் பக்கத்தைச் சேர்ந்தது. அதுதான் கடைசியில் எல்லோரையும் அணைத்துக்கொண்டது.

எனவே நண்பர் 'சாப்பிடப் போறோம்' என்று மட்டும் சொல்லியிருந்தால், நான் போக வேண்டுமா இல்லையா என்பதற்கு அந்த வாக்கியத்தில் விடையே இருந்திருக்காது. இன்றைய தமிழில் சுமை முழுவதும் பெயர்ச்சொல்லின் தலையில்.

இந்தப் பிரிவு எவ்வளவு பழையது என்று அறிய அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்க்க வேண்டும். மலையாளத்தில் விலக்கும் சொல் 'ஞங்ஙள்', சேர்க்கும் சொல் 'நம்மள்'. தெலுங்கில் 'மேமு', 'மனமு'. துளுவில் 'எங்குளு', 'நம'. ஜார்க்கண்ட் பகுதியில் பேசப்படும் குடுக்கு மொழியில் 'ஏம்', 'நாம்'. தமிழோடு நேரடித் தொடர்பு அற்றுப் போய் எத்தனையோ காலமான ஒரு மொழியில் நம் 'நாம்' அப்படியே இருக்கிறது! மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலில், மூலத் திராவிடத்திலேயே இந்த இரண்டு சொற்களும் தனித்தனியாக இருந்தன என்று மீட்டமைக்கிறார். இந்தோ-ஆரிய மொழியான மராத்தியிலும் 'ஆம்ஹீ', 'ஆபண்' என்ற ஜோடி உண்டு. திராவிட மொழிகளின் அண்டைவீட்டுப் பழக்கத்தால் வந்தது அது என்பது பலருடைய கருத்து.

கன்னடமும் முன்பு இப்படித்தான் இருந்தது. பழங்கன்னடப் பாடல்களில் 'எம்ம' என்ற வடிவத்தை இன்றும் பார்க்கலாம். அது நம் 'எம்' தான். பேச்சில் அது தேய்ந்து 'நாவு', 'நம்ம' மட்டும் நின்றது. இதைச் சொன்னபோது நண்பர், "அப்போ எங்ககிட்டயும் இருந்திருக்கு, தொலைச்சுட்டோம்" என்றார். அந்த வாக்கியத்தில் 'எங்ககிட்ட' மிகச் சரி.

புதிதாகக் கற்பவருக்கு ஒரு சோதனை இருக்கிறது. வாக்கியத்தைச் சொல்லி, பின்னால் 'நீங்களும் வர்றீங்களா?' என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். 'நாங்க கோயிலுக்குப் போறோம், நீங்களும் வர்றீங்களா?' பொருந்துகிறது. 'நாம கோயிலுக்குப் போறோம், நீங்களும் வர்றீங்களா?' இடிக்கிறது, ஏற்கெனவே சேர்த்துவிட்ட ஆளை மறுபடி ஏன் கேட்க வேண்டும்? ஒரு விதிவிலக்கையும் சொல்லிவைக்க வேண்டும். முதல்முறை வரும் விருந்தாளியிடம் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்பார்கள். வீடு அவருடையது இல்லை. அது உபசாரம். சோதனை அங்கே செல்லாது.

தமிழ் கற்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம், நாங்கள் என்று தொடங்காதீர்கள். இரண்டும் ஒரே 'நா'வில் தொடங்குவதால் புதியவர் காதில் குழம்புகின்றன. 'நமக்கு', 'எங்களுக்கு' என்று தொடங்குங்கள். பழைய வேறுபாடு அங்கேதான் தெளிவாகக் கேட்கிறது.