பெயரில்லா நீல நூல்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பாறசாலையை உள்ளடக்கிய அண்டை வட்டமான நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றது. அவ்வெல்லைச் சிற்றூர்களில், தமிழ் பேசும் வீட்டிற் பிறந்து மலையாள எழுத்து மட்டுமே கற்ற பிள்ளைகள் உண்டு. அத்தகைய ஒரு சிறுவனை வைத்து நாம் ஒரு சிறுகதை புனைந்தோம்.

சிறுவன் நூலகரிடம் சீட்டொன்றை நீட்டுகிறான். ‘அந்த நீலப் புத்தகம்’ என்று மலையாள எழுத்தில் இருக்கிறது, தலைப்பு இல்லை. நூற்பட்டியலோ ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகியவற்றைக் கூறுமேயன்றி நிறத்தைக் கூறாது. கிழிந்த நூலைக் கட்டடம் செய்பவர் கைக்குக் கிடைத்த துணியையே அட்டைக்கு ஒட்டியிருக்கலாம். அவ்வாறாயின் அந்நீலம் அந்த ஒரு படிக்கே உரியது.

“யாருக்குத் தம்பி?”

“பாட்டிக்கு, சாரே. பேரு மறந்து போச்சாம். போன ஓணத்துக்கு நான்தான் எடுத்துட்டுப் போனேன்.”

நூலகர் இரவல் பதிவேட்டில் அம்மாதத்தைப் புரட்டுகிறார். பாட்டியின் உறுப்பினர் எண்ணுக்கு நேரே ஒரு தமிழ் நாவலின் பெயர். அலமாரியில் அது நீலத் துணி போர்த்து நிற்கிறது.

தன் கையால் சுமந்து சென்ற நூலின் பெயரை அவன் அறியாததேன்? தமிழ் எழுத்து அவனுக்கு வெறுங்கோடு. நீலம் என்பதோ இரு மொழிக்கும் பொதுச்சொல். அதுவொன்றே அவனுக்கு எட்டிய பெயர்.

நூலகர் சீட்டின் பின்புறம் தலைப்பைத் தமிழில் எழுதி, அதன் கீழே மலையாளத்திலும் எழுதிக் கொடுக்கிறார்.