வாரத்துக்கு ஒரு சூ

போன அக்டோபர் தொடக்கத்தில் எங்கள் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "மறைபரப்பு ஞாயிறு வருது. தமிழ்ப் பூசையில நன்மை கொடுத்து முடிஞ்சதும் அஞ்சு நிமிசம் நீ பேசு" என்றார். நான் கோயிலில் காணிக்கை எண்ணுகிற ஆள். பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் சரி என்றுவிட்டேன்.

அன்றிரவே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். விலா எலும்பு தெரியும் ஒரு குழந்தையில் தொடங்கினேன். தூர தேசத்தில் மண் சுவர்க் கோயிலில் தனியாக இருக்கும் ஒரு குருவானவர் அடுத்து வந்தார். அப்புறம் நம் பக்கம் திரும்பி, காம்பார் பசாரில் ஒரு பொட்டலம் கோழி பிஸ்கட்டுக்குக் கொடுக்கும் காசை அவர்களுக்குக் கொடுக்க உங்களுக்கு மனமில்லையா என்று கேட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அன்னிக்கு எனக்குத் தலைவலிப்பா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தலைவலி எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இதேபோல ஒரு ஞாயிறன்று பேசினார். பெரிய படம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதைப் பார்த்த பிறகும் உங்களால் தூங்க முடியுமா என்று கேட்டார். கரண்டு பில்லுக்கு வைத்திருந்த ஐம்பது வெள்ளியை அம்மா கைப்பையிலிருந்து எடுத்துப் போட்டார். அடுத்த வாரம் அந்த ஐம்பதைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒரு ஞாயிறன்று மட்டும் அம்மாவுக்குத் தலைவலி வரும். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

காணிக்கை எண்ணுகிறவர்களுக்கு இது பழகின கதை. உருக்கமாகப் பேசிய ஞாயிறன்று உறைகள் கனமாக இருக்கும். அதற்கடுத்த வாரங்களில் வழக்கமான உறைகளும் குறையும். குற்ற உணர்ச்சியில் கொடுத்தவர், கொடுத்த இடத்தின் பக்கமே திரும்பக் கூச்சப்படுகிறார். கடன்காரனைப் பார்த்தால் வேறு சந்தில் திரும்புகிற மாதிரிதான்.

நான் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். மறைபரப்புக்குக் காசு திரட்டும் இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று தேடினேன். தேடல் ஒரு பட்டுத் தொழிற்சாலையில் போய் நின்றது.

பிரான்சின் லியோன் நகரத்தில் பட்டு வியாபாரி வீட்டில் 1799இல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. அண்ணன் பாரிசில் குருமாணவராகப் படித்துக்கொண்டிருந்தார். கிழக்கு நாடுகளுக்குக் குருக்களை அனுப்பும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை காசில்லாமல் தவிப்பதைத் தங்கைக்குக் கடிதமாக எழுதினார். பவுலினுக்குப் பழக்கமானவர்கள் பட்டாலைத் தொழிலாளிப் பெண்கள். அவர்களிடம் போய் அவர் கேட்டது வாரத்துக்கு ஒரு சூ. சூ என்பது பிராங்கில் இருபதில் ஒரு பங்கு, சின்னச் சில்லறைதான். அதோடு தினமும் ஒரு பரலோக மந்திரமும் ஒரு மங்கள வார்த்தை செபமும், கடைசியில் புனித சவேரியாரே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று ஒரு வரியும். இது பிறகு 1822 மே 3 அன்று லியோனில் விசுவாசப் பரப்புதல் சங்கமாக முறைப்படி நிறுவப்பட்டது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் போட்ட கணக்கு. பத்துப் பேர் ஒரு குழு, அதற்கு ஒரு தலைவி. பத்துத் தலைவிகளுக்கு மேலே ஒருவர், அவர் கையில் நூறு பேர். அப்படிப் பத்து நூறுகளுக்கு மேலே ஒருவர், அவர் கையில் ஆயிரம் பேர். ஒருவர் ஆண்டுக்குக் கொடுப்பது 52 சூ. பத்துப் பேர் குழுவுக்கு 520 சூ, அதாவது 26 பிராங்கு. ஆயிரம் பேருக்கு 2,600 பிராங்கு. இதில் யாருக்கும் கரண்டு பில் கட்ட முடியாமல் போகாது. எல்லாருக்கும் ஒரே தொகை என்பதால் அதிகம் கொடுத்தவள் என்ற பெருமையும் குறைவாகக் கொடுத்தவள் என்ற தலைக்குனிவும் இல்லை. அந்தப் பெண்களிடம் பணம் இல்லை என்பது பவுலினுக்குத் தெரியும். அவர் கேட்டது பணத்தைவிட, வாரா வாரம் மறக்காமல் இருப்பதைத்தான்.

செபத்துக்கும் அவர்களிடம் ஒரு வழி இருந்தது. தூரத்துக் குருக்கள் எழுதும் கடிதங்களையும் வரவு செலவுக் கணக்கையும் அச்சடித்து, பத்துப் பேர் குழுவுக்கு ஓர் இதழ் என்று சங்கம் கொடுத்தது. அது கை மாறிக் கை மாறிப் போகும். எந்த ஊரில் காய்ச்சல் பரவியிருக்கிறது, எங்கே கோயில் கூரை பறந்துபோனது என்று தெரிந்துகொண்டு செபித்தார்கள். "தூர தேசத்து மக்களுக்காக" என்று பொதுவாகச் செபிக்கும்போது எனக்கு மனசு ஒட்டுவதில்லை. ஓர் ஊரின் பெயரும் ஓர் ஆளின் கஷ்டமும் தெரிந்தால் செபம் தானாக வருகிறது. காசு எங்கே போனது என்ற கணக்கும் அதே தாளில் இருந்ததால், கொடுத்தவருக்குச் சந்தேகமும் இல்லை.

பவுலின் பின்னாளில் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய ஆலைத் திட்டத்தைத் தொடங்கி, நம்பக்கூடாதவர்களை நம்பினார். பணமெல்லாம் போயிற்று. 1862இல் கடனாளியாக இறந்தார். பெரும் முதல் போட்ட ஆலை கவிழ்ந்துவிட்டது. ஒரு சூ சங்கமோ நூறு ஆண்டுகள் கழித்து, 1922இல் ரோமுக்கு மாற்றப்பட்டுத் திருச்சபை முழுவதற்குமான அமைப்பானது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1926இல், பதினோராம் பத்திநாதர் அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறை மறைபரப்பு ஞாயிறாக அறிவித்தார். அன்று விழும் காணிக்கை பங்கில் தங்காது. எங்கள் காசு பினாங்கு மறைமாவட்டம் வழியாக ரோமின் பொது நிதிக்குப் போய், அங்கிருந்து தேவைப்படும் மறைமாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டி குறுக்கே வந்தார். "அந்தக் காசு யாருக்குப் போச்சுன்னு நெனைக்கிற? நமக்குத்தான்டா."

பாட்டி பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில், மாதம் ஒரு முறை வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் தோட்டத்துக்கு வருவாராம். ஆபீஸ் பக்கத்துக் கொட்டகையில் மேசை போட்டுப் பூசை. பிரெஞ்சுக்காரர், ஆனால் தமிழில் பாவசங்கீர்த்தனம் கேட்பார். "லயத்துல எங்க ஆத்தா பேச்சே அவருக்குப் புரியும். எந்த ஊருலயோ எவளோ காசு போட்டிருக்கா. நம்மளப் பாத்து அவ அழுதிருப்பான்னா நெனைக்கிற? அவ பாட்டுக்குப் போட்டிருப்பா."

பாட்டி சொன்னது சரி. பேராக்கில் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வேலை செய்த குருக்களில் பலர் அதே பாரிஸ் சபையைச் சேர்ந்தவர்கள். 1880களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ஒரு குடியிருப்பை உருவாக்கிய ரெனே ஃபே அந்தச் சபைக் குருவானவர்தான். பின்னாளில் அவர் மலாக்காவுக்கு ஆயரானார். லியோன் சங்கத்தின் காசு ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்த இடங்களில் அந்தச் சபையும் ஒன்று. அப்படிப் பார்த்தால், அந்தப் பட்டாலைப் பெண்களின் தினசரிச் செபத்தில் இருந்த தூர தேசம் எங்கள் பாட்டி பிறந்த லயம். சவேரியாரும் முத்துக்குளித்துறையில் தமிழர்களோடு இருந்துவிட்டு 1545இல் மலாக்காவுக்கு வந்தவர்தானே.

இது என் பேச்சையே மாற்றிவிட்டது. முதல் தாளில் நாம் வயிறு நிறைந்தவர்கள், அவர்கள் பாவப்பட்டவர்கள். இப்போது நாம் வாங்கியவர்கள், நம் முறை வந்திருக்கிறது. வாங்கியவர் கொடுக்கும்போது குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. மொய் எழுதுகிறவர் அழுதுகொண்டா எழுதுகிறார்?

ஒன்று மட்டும் நெருடியது. இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணின் கதை. காணிக்கை கேட்கிற எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டாள், நீ என்ன போட்டாய் என்று. மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தை எடுத்து, அவளுக்கு முந்தின வசனங்களைப் படித்தேன். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு அங்கேதான் திட்டுகிறார். திட்டி முடித்த கையோடு இவள் வருகிறாள். அவளுடைய மனசை அவர் புகழ்கிறார். ஆனால் அவளிடம் யாரும் போய்க் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, இருப்பதற்குத் தக்கபடி கொடுத்தால் போதும், இல்லாததிலிருந்து யாரும் கொடுக்க வேண்டாம் என்ற பொருளில்தான் எழுதுகிறார்.

அந்த ஞாயிறன்று ஐந்து நிமிடத்தில் நான் பேசியது இவ்வளவுதான். பட்டாலைப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். பாட்டியின் கொட்டகைப் பூசையைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், "இன்னிக்கு எவ்வளவு போடணும்னு யோசிச்சு வந்தீங்களோ அதையே போடுங்க, கூட்ட வேண்டாம். கடன் இருக்கிறவங்க முதல்ல கடனைக் கட்டுங்க. காசு இல்லன்னா ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க, அதுவும் பாதிச் சந்தாதான். முடிஞ்சவங்க அடுத்த வருசத்துக்கு வாரம் ஒரு வெள்ளி ஒரு டின்ல போட்டு வைங்க" என்றேன். யாரும் அழவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விட்டான்.

மதியம் எண்ணினோம். முந்தின ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவுதான். பங்குத்தந்தை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிறகு எங்கள் அன்பியத்தில் பத்துப் பேர் சேர்ந்தோம். இன்றைய தேதிக்கு ஏழு பேர்தான் டின்னில் போடுகிறோம். நின்றுபோன மூன்று பேரிடம் ஏன் என்று கேட்பதில்லை என்பது எங்கள் ஒரே விதி. மாதம் ஒரு முறை கூடும்போது, தூரத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றிக் கத்தோலிக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி ஒன்றை நான் வாசித்துக் காட்டுகிறேன். நின்றுபோனவர்களும் அதற்கு வருகிறார்கள், செபிக்கிறார்கள்.

அம்மா அந்த ஞாயிறு கோயிலுக்கு வந்திருந்தார். இப்போது சமையலறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. சனிக்கிழமை இரவு அடுப்பைத் துடைத்த பிறகு ஒரு வெள்ளியை அதில் போட்டு மூடுவார். சில வாரம் மறந்துவிடுவார். "போன வாரத்துக்கும் சேத்துப் போடணுமாப்பா?" என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன்.