அண்ணனுக்கு விடியுறதே பதினொண்ணே காலுக்குத்தான்!

2024 ஆகஸ்ட். சி.எம்.ஏ. இன்டர்மீடியட் ரிசல்ட் வந்த அன்று, என் பெரியம்மா பையன் மொபைலை என்னிடம் நீட்டினான். லா 52, ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங் 51, டாக்ஸ் 47, காஸ்ட் அக்கவுன்டிங் 43. நாலு பேப்பரிலும் 40-ஐத் தாண்டிவிட்டான். ஆனால் குரூப் பாஸாக, நாலும் சேர்த்து 200 வேண்டும். அண்ணன் எடுத்தது 193.

"ஏழு மார்க்குடா தம்பி..." என்றான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் குறுகுறுப்பு. ஏனென்றால் அவன் படித்தது நான் போட்டுக்கொடுத்த டைம் டேபிள்படி!

கதை இதுதான். காலேஜுக்குப் பக்கம் என்று நான் வேளச்சேரியில் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறேன். அவனுக்கு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு ஏன் இன்னும் பணம் வரவில்லை என்று அங்கிருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். நம்ம ஊர் மாலை 6.30-க்கு அங்கே காலை 9. ஆக, ஷிஃப்ட் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. தங்கச்சி கல்யாணக் கடன் பாக்கி இருப்பதால் வேலையை விட முடியாது. சி.எம்.ஏ. முடித்தால் பகல் வேலைக்கு மாறலாம். "என் பொண்ணு ஸ்கூல் போறதுக்குள்ள பகல்ல முழிச்சிருக்கிற அப்பாவா ஆயிடணும்டா" என்பான்.

நான் போட்ட முதல் டைம் டேபிள் பார்க்க ஜோராக இருந்தது. அதிகாலை 4.30-க்கு கேப் வீட்டில் இறக்கிவிடும். ஐந்திலிருந்து ஒன்பது வரை படிப்பு. 'எப்படியும் முழிச்சுத்தானே இருக்கான், விடியக்காலைதான் படிக்க நல்ல நேரம்' என்பது என் கணக்கு. ஒன்பதிலிருந்து இரண்டு வரை தூக்கம். சாயங்காலம் மறுபடி ஒரு மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரம். யாராவது குறை சொல்ல முடியுமா?

குறை எங்கே என்று ரிசல்ட்டுக்குப் பிறகு அவன் ரஃப் நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் நேரம் எழுதி வைத்திருந்தான். ப்ராசஸ் காஸ்ட்டிங்கில் ஒரு கணக்கு. 1,000 கிலோ சரக்கு உள்ளே போகிறது, மொத்தச் செலவு 19,000 ரூபாய். பத்து சதவிகிதம், அதாவது 100 கிலோ, சாதாரணமாகவே வீணாகும். அந்தக் கழிவு கிலோ பத்து ரூபாய்க்குப் போகும். கழிவில் வரும் 1,000 ரூபாயைக் கழித்து, மிச்சம் 18,000-ஐ 900 கிலோவால் வகுக்க வேண்டும். விடை கிலோ 20 ரூபாய். காலை 5.40 என்று போட்டிருந்த பக்கத்தில் அண்ணன் 19,000-ஐ 1,000-ஆல் வகுத்து 19 என்று எழுதியிருந்தான். அதே மாதிரிக் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிழையில்லாமல் போட்டிருக்கிறான்!

ஃபார்முலா தெரியாமல் இல்லை. இரண்டாவது ஸ்டெப் வரும்போது முதல் ஸ்டெப் மண்டையில் நிற்கவில்லை, அவ்வளவுதான். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரைக்கும் உடம்புச் சூடு இறங்கி, கவனமும் அடிமட்டத்துக்குப் போகும். வருஷக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் இது முழுசாக மாறுவதில்லை. விடியக்காலை நல்ல நேரம் என்பது எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவனுக்கு. ஒன்பது மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தவனுக்கு அல்ல. இன்னொரு தப்பும் இருந்தது. வெயில் ஏறிய பிறகு படுத்தால் தூக்கம் கலைந்து கலைந்துதான் வரும். பேப்பரில் ஐந்து மணி நேரம் தூக்கம் என்று போட்டிருந்தேன். அண்ணி சொன்ன நிஜம், "நாலு மணி நேரம் தூங்கினா பெரிசு தம்பி."

அதனால் இரண்டாவது டைம் டேபிளைத் தலைகீழாகப் போட்டோம். முதலில் தூக்கத்தை எழுதினோம். மிச்சமிருந்த நேரத்தில்தான் படிப்பு.

அதிகாலை 4.30: வீடு. இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, அதோடு சரி. டீ கிடையாது. டீ, காபியில் இருக்கும் காஃபின் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். அதனால் கடைசி டீ ஆபீஸில் இரவு 11 மணியோடு முடிந்துவிட வேண்டும்.

4.45: இருபது நிமிஷம், ஒரு வெள்ளைத் தாள். புத்தகத்தைத் திறக்காமல் நேற்று படித்த பாடத்தில் ஞாபகம் இருப்பதை எழுதணும். புதுசாக எதுவும் படிக்கக் கூடாது. எழுத வராத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவுபடுத்திப் பார்ப்பதுதான் பாடத்தை நிறுத்தும். அதற்குப் பிறகு வரும் தூக்கமும் அந்தப் பாடத்தைக் கெட்டிப்படுத்தும்.

5.15 முதல் 11.15 வரை: தூக்கம். விடிவதற்குள் படுத்துவிடுவதுதான் இதில் விஷயமே. அண்ணி தன் பங்குக்கு குக்கர் விசில் மொத்தத்தையும் ஐந்து மணிக்குள் முடித்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, "உங்க வீட்டுக்காரர் பகலெல்லாம் தூங்குறாரே, உடம்பு சரியில்லையா?" என்று பெல் அடித்து விசாரித்தார். பெல் சுவிட்சை ஆஃப் பண்ணினோம்!

11.15: குளியல், டீ, பத்து நிமிஷம் மொட்டை மாடி வெயில். எழுந்தவுடன் அரை மணி நேரம் மண்டை மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் புத்தகத்தைத் தொடக் கூடாது.

12 முதல் 1.30 வரை: கணக்குப் பாடம் மட்டும். ஒரு நாள் காஸ்ட்டிங், ஒரு நாள் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங். அவன் மண்டை நன்றாக ஓடுவது இந்த நேரத்தில்தான்.

2.15 முதல் 3.15 வரை: சாப்பாட்டுக்குப் பிறகு லா அல்லது டாக்ஸ். முதலில் காலையில் போட்ட கேள்விக்குறிகளுக்குப் பதில் தேடணும்.

3.15: இருபத்தைந்து நிமிஷக் குட்டித் தூக்கம், அலாரம் வைத்து. இதை முக்கால் மணி, ஒரு மணி என்று இழுத்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய், எழும்போது தலை கிறுகிறுக்கும்.

4 முதல் 4.45 வரை: மதியம் தப்பாகப் போட்ட கணக்கை மட்டும் மறுபடி போடணும். 5.15-க்கு கேப் வந்துவிடும்.

கூட்டிப் பாருங்கள், மூன்றரை மணி நேரம்தான் வரும். என் பழைய டைம் டேபிளைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. அண்ணனுக்கே பயம். "குறைச்சுப் படிச்சு எப்படிடா ஜாஸ்தி மார்க் வரும்?" அதற்கும் நோட்டுதான் பதில் சொன்னது. பத்துக் கணக்கு போட்டால் முன்பு விடியக்காலையில் நாலுதான் சரியாக வரும். இப்போது மதியம் எட்டு.

சனி, ஞாயிறு லீவில் ஒரு பொறி இருந்தது. 'இன்னிக்காவது மனுஷன் மாதிரி ராத்திரி தூங்கறேன்' என்று பத்து மணிக்குப் படுத்தால், திங்கட்கிழமை ஷிஃப்டில் கண் சொக்கும், வாரம் பாதி வீணாகும். அதனால் லீவு நாளில் பாதி வழிதான் இறங்கணும். படுப்பது விடியக்காலை 3 மணி, எழுந்திருப்பது 10 மணி. ஐந்தேகாலிலிருந்து பத்து வரை வாரம் ஏழு நாளும் பொதுவான தூக்க நேரமாகிவிடும். உடம்புக்குப் பிடிமானம் அதுதான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அமெரிக்கா வேலையைக் காட்டியது! ஒவ்வொரு நவம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். 2024-ல் அது நவம்பர் 3, தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். அங்கே காலை 9 என்பது நமக்கு 7.30 ஆகிவிட்டது. ஷிஃப்ட் விடியக்காலை 4.30-க்கு முடிய, அண்ணன் வீடு சேர 5.30. படுக்க 6.15. அதற்குள் சூரியன் வந்துவிடும். பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

முதல் வாரத் தூக்கம் மறுபடி நாலு மணி நேரத்துக்கு இறங்கியது. நோட்டில் பழைய 19 ரூபாய்த் தப்பும் திரும்பி வந்துவிட்டது. உஷாராகி ஜன்னல் கண்ணாடியில் பிரவுன் பேப்பர் ஒட்டினோம். பால்காரர் மணி, ஸ்கூல் வேன் ஹாரன் எல்லாம் அமுங்க டேபிள் ஃபேனை ஃபுல் ஸ்பீடில் வைத்தோம். டைம் டேபிளை அப்படியே ஒரு மணி நேரம் தள்ளினோம். இந்தத் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதானே? அதற்கு நாலு நாள் முன்பிருந்தே தினம் கால் மணி நேரம் தள்ளிப் படுத்திருந்தால் அந்த ஒரு வாரம் போயிருக்காது. இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு அது தோன்றவில்லை. ஹி... ஹி!

கடைசி வேலை, அவனைப் பகலுக்குத் திருப்புவது. பரீட்சை டிசம்பர் இரண்டாம் வாரம், பட்டப்பகலில். ராத்திரி மனுஷனை ஒரே நாளில் பகல் மனுஷனாக்க முடியாது. நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் உடம்பு நகரும். வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த லீவை அண்ணன் டிசம்பர் 2-லிருந்து எடுத்தான். ஆறேகாலுக்குப் படுத்தவன் அடுத்த நாள் ஐந்துக்கு, அதற்கடுத்த நாள் நாலுக்கு என்று ஒரு வாரத்தில் ராத்திரி பதினொன்றுக்கு வந்து சேர்ந்தான். எழுந்ததும் மொட்டை மாடி வெயில் மட்டும் கட்டாயம். அது இல்லாவிட்டால் உடம்பு பழைய நேரத்துக்கே ஓடிவிடும். கம்பெனி லீவு தராதவர்களுக்கு இந்த ஒரு வாரம் கிடைக்காது, அங்கே என் டைம் டேபிளும் தோற்றுத்தான் போகும்.

2025 பிப்ரவரியில் ரிசல்ட். லா 54, ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங் 58, டாக்ஸ் 49, காஸ்ட்டிங் 61. மொத்தம் 222. ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் மொபைலை மறுபடி என்னிடம் நீட்டினான். இந்த முறையும் ஒன்றும் பேசவில்லை. கீழே கேப் ஹாரன் அடித்தது. இறங்கிப் போனவன் பாதிப் படியில் நின்று திரும்பினான்.

"தம்பி, அடுத்த குரூப்புக்கு டைம் டேபிள் போடு. நவம்பர் முதல் ஞாயிறை மறந்துடாதே!"