ஆய்வகத்துப் பெண்

ஆனி மாதம், திங்கட்கிழமை

எங்கள் நூற்பாலையில் தினந்தோறும் காலை 8.30 மணிக்கு நடைபெறும் உற்பத்திக் கூட்டத்திற்கு, ஆய்வகத்தின் சார்பில் என்னுடன், சித்திரையில் வேலைக்குச் சேர்ந்த உடுமலைப் பக்கத்துப் பெண்ணும் வருகிறாள். ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவள். இயந்திரத்தின் முன் நின்றால் கை கூசாது, மனிதர் முன் உட்கார்ந்தால் வாய் எழாது.

இன்று ஒரு சங்கடமான விஷயம் விவாதத்திற்கு வந்தது. எங்களிடம் 40-ஆம் நம்பர் கோம்ப்டு நூல் வாங்கும் திருப்பூர்ப் பின்னலாடைக்காரர் ஒருவர், துணியில் வரிவரியாய் நிழல் விழுகிறதென்று ஒரு சுருளைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஸ்பின்னிங் மாஸ்டர் பஞ்சைக் குறை சொன்னார். பராமரிப்பு இன்ஜினீயரும் அதையே வழிமொழிந்தார். பஞ்சு எழுந்து மறுத்துப் பேசப் போவதில்லையாகையால், ஆலைக் கூட்டங்களில் குற்றவாளியாய் நிறுத்துவதற்கு அதைவிடச் சௌகரியமான பொருள் வேறில்லை.

அந்தப் பெண்ணோ மடியில் ஒரு காகிதத்தை வைத்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் முடிந்து ஆய்வகத்திற்கு வந்த பிறகுதான் அதை என் மேஜைமேல் விரித்தாள். "பஞ்சுன்னா எல்லா பிரேம்லயும் வரணுமில்லீங்க மேடம்? 14-ஆம் நம்பர் பிரேம்ல மட்டுந்தானுங்க பீக் நிக்குது, எட்டரை சென்டிமீட்டர்ல."

நூலின் பருமன் சீராயிருக்கிறதா என்று சோதிக்கும் கருவி வரைந்து தரும் ஸ்பெக்ட்ரோகிராம் அது. நூலில் ஒரு தடிமன் குறிப்பிட்ட இடைவெளிதோறும் திரும்பத் திரும்ப வருமாயின், அந்த இடைவெளியின் நீளத்திற்கு நேராக வரைபடத்தில் ஒரு தூண் எழும்பி நிற்கும். ரிங் பிரேமின் முன்புறத்துக் கீழ் ரோலரின் விட்டம் 27 மில்லிமீட்டர்; ஆகவே அதன் சுற்றளவு ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர். அந்த ரோலர் எங்கேனும் வளைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் ஒருமுறை தடித்து ஒருமுறை மெலியும். இதில் விபரீதம் என்னவெனில், நாள்தோறும் கூட்டத்தில் வாசிக்கப்படும் சராசரிக் கணக்கு இதனால் சொற்பமே ஏறும். துணியில்தான் குறை பிரத்தியட்சமாகத் தெரியும்.

"இதை அங்கேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அவங்க பேசி முடிக்கட்டும்னு இருந்தேனுங்க. முடிக்கவே இல்லீங்களே."

நானே குறிப்பெழுதி மாஸ்டருக்கு அனுப்பினேன். மிக்சிங் மாறட்டும், பிறகு பார்ப்போம் என்று அதன் கீழேயே எழுதித் திருப்பியனுப்பிவிட்டார்.

புதன்கிழமை

அவள் சொன்ன பதில் மனத்தை விட்டு அகலவில்லை. கூச்ச சுபாவமுள்ளவர்கள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்திற்குள் ஆதியோடந்தமாய்க் கட்டி முடித்து, அதற்கு மரியாதைச் சொற்களும் சேர்த்து, பிறர் மௌனமாகும் சந்தர்ப்பத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்திலோ ஒருவர் பேச்சின் வாலை இன்னொருவர் பேச்சு மிதித்துக்கொண்டே செல்வதால், அவளுடைய வாக்கியம் முடிவதற்குள் விஷயமே மாறிப்போகிறது. தைரியமாயிரு என்று உபதேசிப்பதில் பிரயோஜனமில்லை. ஆகவே ஆய்வக அறிக்கையை இனி அவள்தான் வாசிக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்தேன். வாசிப்பது பேசுவதாகாதுதான், எனினும் கூட்டம் தொடங்கிய முதல் சில நிமிஷங்களுக்குள் தன் குரல் அந்த அறையில் ஒலிப்பதை ஒருவர் கேட்டுவிட்டால், இரண்டாம் முறை வாய் திறப்பது அத்தனை பாரமாயிராது.

இன்று வாசித்தாள். மூச்சு விடாமல் வாசித்ததில் பாதி எண்கள் யாருக்கும் விளங்கவில்லை. மேலாளர், "அந்த ஈரப்பதம் எவ்வளவும்மா?" என்று மறுபடி கேட்டார். "57 சதவீதமுங்க சார்" என்றாள். கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதிலாக அவள் வாயிலிருந்து வந்த முதற் சொற்கள் அவை.

ஆனி கடைசி வாரம்

மிக்சிங் மாறியும் குறை மாறவில்லை. நேற்று மாலை நாங்கள் இருவரும் அமர்ந்து அவள் சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாகச் சுருக்கினோம்: பிரேம் நம்பர் முதலில், அளவு அடுத்து, செய்ய வேண்டிய காரியம் கடைசியில். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்", "தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்ற முகவுரைகளை அவளே அடித்தாள். அந்த முகவுரை முடிவதற்குள்தான் மற்றவர்கள் உள்ளே புகுந்துவிடுகிறார்கள் என்பதை அவளே கண்டுகொண்டது எனக்குத் திருப்தியளித்தது.

காலையில் அதைச் சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சற்றைக்கெல்லாம் பராமரிப்பு இன்ஜினீயர், "எதற்கும் 14-ஆம் நம்பரில் ரோலரைப் பார்த்துவிடலாம்" என்று புதிய யோசனைபோல் சொல்ல, நல்ல யோசனை என்று மாஸ்டரும் தலையசைத்தார். இத்தகைய அபகரிப்பு எல்லாக் கூட்டங்களிலும் சகஜமாய் நடப்பது. பெரும்பாலும் செய்பவருக்கே தெரியாமல் நடப்பது. "இந்தப் பெண் சற்றுமுன் சொன்னதும் அதுவே, மேற்கொண்டு என்ன பார்க்க வேண்டுமென்று அவளையே கேட்போம்" என்றேன். கேட்டார்கள். சொன்னாள், சன்னமான குரலில்.

பிற்பகலில் மேலாளரைத் தனியே சந்தித்தேன். அவருடைய தமையனார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவராகையால், ராணுவ வழக்கமொன்றையே உதாரணம் காட்டினேன். ராணுவ நீதிமன்றத்தில் உறுப்பினர்களிடம் அபிப்பிராயம் கேட்கும்போது, பதவியில் இளையவரிடமிருந்தே தொடங்குவது விதி. மூத்தவர் முதலில் வாய் திறந்தால் இளையவர் அதையே ஆமோதித்துவிடுவார் என்பதே அதன் காரணம். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, நாளை முதல் ஆய்வகமே முதலில் பேசட்டும் என்றார்.

ஆடி, முதல் வெள்ளி

இன்றைய கூட்டத்தை விரிவாய் எழுதிவைக்க வேண்டும்.

இன்ஜினீயர் 14-ஆம் பிரேமில் மேல் ரோலரை மாற்றிவிட்டதாகவும், விஷயம் தீர்ந்ததாகவும் அறிவித்தார். அவர் செய்தது நியாயமற்றதன்று. ரப்பர் உறை போட்ட மேல் ரோலர் தேய்க்கத் தேய்க்க விட்டம் குறைந்து 28 மில்லிமீட்டர் அளவில் வந்து நிற்கும். அதன் சுற்றளவும் கீழ் ரோலரின் சுற்றளவும் வரைபடத்தில் அடுத்தடுத்தே விழுவதால், பீக்கை மட்டும் பார்த்துக் குற்றவாளி யாரென்று திட்டமாய்ச் சொல்வதற்கில்லை.

அப்போது அந்தப் பெண், எவரும் அழைக்காமலே, "தீரலீங்க சார்" என்றாள்.

அறையில் ஒரு நிசப்தம். அவள் முகம் சிவந்தது. ஆனால் காகிதம் இம்முறை மேஜைமேல் இருந்தது. "மேல் ரோலர் ஒண்ணுக்கு ரெண்டு ஸ்பின்டில்தானுங்க. அதுல குறைன்னா ரெண்டு காப்புலதான் வரணும். பக்கத்துப் பக்கத்து எட்டு ஸ்பின்டில்லயும் காப் எடுத்துப் பார்த்தேனுங்க. எட்டுலயும் வருது. ஒன்பதாவதுல இல்லீங்க. கீழ் ரோலர்ல அந்த ஒரு துண்டுதானுங்க வளைஞ்சிருக்கும்."

இன்ஜினீயர், சோதனைக் கருவியே சரியாயிருக்கிறதா என்று ஆக்ஷேபித்தார். "அதே கருவியில பக்கத்து பிரேம் காப்பும் போட்டேனுங்க, சுத்தமா இருக்குது" என்றாள். பிறகு ஒருவரும் பேசவில்லை. மதியம் பிட்டர் டயல் கேஜ் வைத்து ரோலரைச் சுற்றிப் பார்த்தபோது, முள் 12 கோடு ஆடியது, அதாவது 0.12 மில்லிமீட்டர். துண்டை மாற்றினார்கள். மாலை ஷிப்டின் காப்பில் அந்தத் தூண் இல்லை.

ஆவணி, செவ்வாய்க்கிழமை

இந்த வெற்றியால் அவள் வாயாடியாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய்யாகும். சென்ற வாரம் தலைமைக் காரியாலயத்தார் வந்திருந்த மாதக் கூட்டம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தபடியால், அவள் ஆதிமுதல் அந்தம்வரை வாய் திறக்கவில்லை.

ஆயினும் இன்று நடந்ததை நான் அந்த வெற்றியினும் பெரிதாய் மதிக்கிறேன். 9-ஆம் பிரேமில் ரோலர் குறை என்று நேற்று அவள் சொல்லியிருந்தாள். திறந்து பார்த்ததில் ரோலர் நேராயிருந்தது, சிம்ப்ளெக்ஸிலிருந்து வந்த குறை அது. இன்ஜினீயர் அதைச் சற்று உரக்கவே சொன்னார். "ஆமாங்க சார், நான் சொன்னது தப்புங்க" என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டவள், அடுத்த விஷயமாக ஈரப்பதம் பற்றிய பேச்சு வந்தபோது, முன்போல் காகிதத்தை மடியில் ஒளித்துக்கொள்ளாமல், தன் கணக்கை எடுத்து வைத்துப் பேசினாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஆய்வகத்தின் அறிக்கையை அவளே, தமிழிலேயே, படிக்க அனுமதிக்க வேண்டுமென்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரும் கையெழுத்திட்டுவிட்டார்.