பதவி உயர்வும் ஒரு பதிவும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் பணிபுரியும் என் பழைய மாணவர் பதவி உயர்வு பெற்றார், அல்ஹம்துலில்லாஹ். முகநூலில் இடவிருந்த வாசகத்தை முதலில் எனக்கு அனுப்பினார்: “யார் துணையுமின்றி, என் திறமையால் மேற்பார்வையாளரானேன்.” தன் செல்வம் தன் அறிவால் வந்ததென்று காரூனும் சொன்னதை நினைவூட்டினேன்.

மறுநாள் பதினொரு பெயர்களை அடுக்கி, “அனைவருக்கும் நன்றி” என்று எழுதிவந்தார். திருமண அழைப்பிதழ் போலிருந்தது. “தம்பி, இவர்கள் ஒவ்வொருவரும் உங்களுக்கு என்ன செய்தார்கள்?” என்றேன். நெடுநேரம் யோசித்தும் இருவரைப் பற்றியே அவரால் சொல்ல முடிந்தது. இக்கடலில் முத்துக் குளித்தவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். அத்தகையவர்களை மட்டும் எழுதச் சொன்னேன்.

“கன்டெய்னர் எண்ணை நான் தவறாகக் குறித்த இரவில், திட்டாமல் பக்கத்தில் நின்று திருத்தக் கற்றுத்தந்தார் என் மூத்தவர். உம்மா மருத்துவமனையிலிருந்த வாரம் என் இரவுப்பணியையும் சேர்த்துப் பார்த்தார் நண்பர். மூன்றாண்டு இரவுப்பணியில் நானும் உழைத்தேன்.”

“கடைசி வரி பெருமையாகாதா, ஹஜ்ரத்?” என்று அதை நீக்கப் பார்த்தார். உண்மையை மறைத்தால் அதுவும் நடிப்பே, இருக்கட்டும் என்றேன். இருவரின் பெயரையும் அவர்களிடம் கேட்டுச் சேர்த்தார்.

பதிவைப் படித்த அந்த மூத்தவர், அப்படியொரு தவறு நடந்ததே தமக்கு மறந்துவிட்டது என்றாராம்.