விளக்கு வச்சதும் வந்துடுங்க

கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் இருக்கும், வரவேற்பு இருக்கும், தாய்மாமன் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெண் வீட்டில் பொம்பளைகள் மட்டும் கூடிப் பாட்டும் பல்லாங்குழியும் மருதாணியுமாக இருக்கிற நலங்கு ராத்திரிக்கு மட்டும் ஒரு வரியும் இருக்காது. அதற்கு வாய்ச்சொல்தான் அழைப்பு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், கரும்பும் குச்சிக்கிழங்கும் விளைகிற எங்கள் ஊரில், அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டு போனவர் எங்கள் ஆயா. குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனது நான். தெருவே எனக்காகத்தான் கதவைத் திறக்கிறது என்று அப்போது திடமாக நம்பினேன்.

சின்ன அத்தை கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, வெயில் தாழ்ந்ததும் ஆயா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பினார். தட்டில் வெற்றிலை பாக்கு, வெண்கலக் கிண்ணத்தில் கரைத்த சந்தனம், ஒரு கை கல்கண்டு. முதல் வெற்றிலை தெருமுனைப் பிள்ளையாருக்கு. பிறகு பங்காளி வீடுகள், அதற்கப்புறம் மாமன் மச்சான் வீடுகள், அப்புறம் மற்றவர்கள். வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் ஆயாவிடம் கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்து, அந்த வீட்டு மாடு கன்று போட்டதா, மருமகளுக்கு இது எத்தனையாவது மாதம் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான், "நாளைக்கு விளக்கு வச்சதும் நலங்கு, வந்துடுங்க. மருதாணியும் அரைக்கிறோம், பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்பார். அதற்குள் நான் சிமிழைத் திறந்து நீட்ட வேண்டும், கல்கண்டு கொடுக்க வேண்டும். பூட்டிய வீடு என்றால் நிலைப்படியில் குங்குமம் வைத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவோம்.

ஒரு வீடு விட்டுப்போனால் அந்தக் குறை பத்து வருசம் பேசப்படும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கிளம்புமுன் திண்ணையில் உட்கார்ந்து, தெருவை மனசுக்குள் ஒரு தரம் நடந்து, வீட்டுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை எண்ணி மடியில் கட்டிக்கொள்வார். ஒவ்வொரு வாசல் தாண்டும்போதும் ஒரு கொட்டை மடியிலிருந்து என் பாவாடைப் பைக்கு வரும். கடைசியில் மடியில் ஒன்று மிச்சம் இருந்தால் அங்கேயே நின்று யோசிப்பார். கோயில் திருப்பத்தில் இருந்த ஓட்டு வீடு அப்படித்தான் அன்று நினைவுக்கு வந்தது. வரப்புத் தகராறில் தாத்தாவோடு பேச்சு நின்றுபோன வீடு. "ஆம்பளைங்க சண்டை ஆம்பளைங்களோட" என்று சொல்லிக்கொண்டே ஆயா அந்தப் படி ஏறினார்.

தெருவில் இன்னொரு வீடும் உண்டு. பெரியம்மா முறை ஆகிறவர், சின்ன வயசிலேயே புருசனை இழந்தவர், அந்தச் சுற்றுவட்டாரத்தில் நலங்குப் பாட்டு அவர் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் வாசலில் சிமிழைத் திறக்கப் போன என் கையை ஆயா மெல்லப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் குங்குமம் கிடையாது, வெற்றிலையும் கிடையாது. ஒரு கொத்து மருதாணியை மட்டும் அவர் மடியில் போட்டு, "நீ வந்து அரைச்சாத்தான் செவக்கும்" என்றார். ஊர் வழக்கத்தை மீறத் துணியாத ஆயா கண்டுபிடித்த அழைப்பு அது. அது எவ்வளவு அன்பு, எவ்வளவு அநியாயம் இரண்டுமே எனக்கு அன்று புரியவில்லை. பெரியம்மா இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "கொழுந்தாப் பறிக்கலியேடி" என்றதுதான் நினைவில் இருக்கிறது.

மலைக்குச் சொல்லி அனுப்பியது வேறு விதம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவந்து விற்கிற மலையாளிப் பெண் ஒருவர் ஆயாவுக்குச் சிநேகிதி. அவருக்கான வெற்றிலை பாக்கை மஞ்சள் துணியில் முடிந்து, மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் தெரிந்த முகமாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார் ஆயா. சேதி போனதா இல்லையா என்று தெரிய வழியே கிடையாது. மறுநாள் சாயங்காலம் ஒரு படி சாமையும் வேட்டித் துண்டில் கட்டிய புளியுமாக அவர் வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

அம்மியில் பெரியம்மா உட்கார்ந்தார். முதலில் கொட்டைப்பாக்கை உடைத்து நுணுக்கி, அதன்மேல் காம்பு கிள்ளிய இலையைப் போட்டு, நெல்லிக்காய் அளவு புளி சேர்த்து, தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரைத்தார். அந்தப் புளிப்புதான் இலையிலிருந்து சாயத்தை இளக்கிவிடுகிறது. தண்ணீர் கூடினால் விழுது வழிந்து, உள்ளங்கையில் வைத்த வட்டத்தின் ஓரம் கலைந்துபோகும். உருட்டி வைத்தால் உருண்டை உட்காராமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். பச்சை இலையும் ஈர மண்ணும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை முற்றத்தில் ஏறி, வைக்கோல் போர் வரைக்கும் போனது. செவக்குமா என்று கேட்ட எனக்கு, ஆரஞ்சு ஏறத் தொடங்கியிருந்த தன் கையை விரித்துக் காட்டினார் பெரியம்மா. அன்று ஊரில் முதலில் சிவந்த கை அவருடையது.

மருதாணி வைத்துவிட்டால் கை உதவாது. அதனால் நலங்கும் விளையாட்டும் முதலில். அத்தையை மனையில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகக் கன்னத்திலும் கையிலும் காலிலும் மஞ்சள் பூசினார்கள். பிறகு பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. என் பையில் சேர்ந்திருந்த அழைப்புக் கொட்டைகளெல்லாம் அங்கேதான் போயின. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஓட்டு வீட்டு அம்மாவும் ஆயாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பசுவுக்காகப் போட்ட சத்தத்தில் வரப்பு தானாக மறந்துபோனது.

அப்புறம் உள்ளங்கையில் நிலா, சுற்றிலும் பொட்டு, விரல் நுனிகளுக்குத் தொப்பி. எல்லோரும் கையை ஏந்திக்கொண்டு சுவரில் சாய்ந்த பிறகு பாட்டுக் கட்டியது. பெரியம்மா தூணுக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளையின் மூக்கிலிருந்து சம்பந்தியின் சிக்கனம் வரை எதுவும் தப்பவில்லை. இடையில் மலைச் சிநேகிதி தங்கள் பாட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு அடியின் முடிவையும் அவர் நீட்டிய நீட்டலுக்கு ஒருவருக்கும் பின்பாட்டுப் பாட வரவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தோம். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலையில் காய்ந்த விழுதை உதிர்த்துவிட்டுத் தண்ணீர் படாமல் தேங்காயெண்ணெய் தடவினார்கள். ஆரஞ்சாகத்தான் இருக்கிறதே என்று அழுதேன். நிறம் முதிர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு நலங்கு வைத்ததே அதற்குத்தான். தாலி கட்டும்போது அத்தையின் கை கருஞ்சிவப்பாக இருந்தது.

இப்போது கல்யாணத்துக்கு மெஹந்தி என்று தனி விழா, அழைப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஒரு மணி நேரத்தில் கறுக்கிற கறுப்புக் கோன் மட்டும் வேண்டாம். பாராபினைலீன்டையமின் என்ற தலைமுடிச் சாயத்தைப் பலவற்றில் கலக்கிறார்கள், தோல் கொப்பளித்துப் புண்ணாகும். மருதாணி இலை தனியாக ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது.

என் மகள் நலங்குக்கு முதல் மஞ்சள் பூசியது அந்தப் பெரியம்மாதான். ஆயாவால் திறக்க முடியாத சிமிழை நானே அவர் வாசலில் திறந்து நீட்டினேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வாசல் இருக்கும். அடுத்த நலங்குக்குப் பிள்ளையாருக்கு வெற்றிலை வைத்த கையோடு, முதலில் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.