நானும்தான்

ஆங்கிலத்தில் மூன்றே சொல்லில் முடிந்துவிடும் சில மறுமொழிகள் உண்டு. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்று ஒருவர் சொன்னால், மற்றவர் ‘ஸோ டூ ஐ’ என்பார். ‘நான் இன்னும் சாப்பிடவில்லை’ என்றால் ‘நைதர் ஹாவ் ஐ’ என்பார். தமிழில் இவ்விரண்டுக்கும் ‘எனக்கும்தான்’, ‘நானும்தான்’ என்பதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. இச்சின்னஞ்சிறு வாக்கியங்களைக் கற்பிக்கப் போய் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுத எண்ணுகிறோம்.

நாங்கள் இருவர். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சி உறையூரில், ஒரு மாடியறையில், வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த செவிலியர் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுத்தோம். பதினோரு பேர். பகல் டூட்டி முடித்து, சீருடை மாற்றக்கூட நேரமின்றி வருபவர்களும் அவர்களில் இருந்தனர். இலக்கணம் அவர்களுக்கு ஓரளவு தெரியும். எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் தயக்கமின்றி மறுமொழி சொல்வதுதான் வரவில்லை. எதற்கும் ‘யெஸ்’, எதற்கும் ‘மீ ஆல்ஸோ’. ஆகவே பழைய முறையான டிரில்லைக் கையில் எடுத்தோம்.

டிரில் என்பது ஐம்பது, அறுபதுகளில் ஆங்கில வகுப்புகளை ஆண்ட முறை. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்வார். மாணவர் அதே அச்சில் உடனே மறுமொழி சொல்ல வேண்டும். யோசிக்க இடமிராது, இடமிருக்கக் கூடாது என்பதே அதன் கொள்கை. ஹரால்ட் பாமர், ஏ. எஸ். ஹார்ன்பி ஆகியோரின் வழிவந்த பாடநூல்கள் ஆம், இஸ், ஹாவ், டூ, டிட், கேன், வில் முதலான 24 வினைவடிவங்களைத் தனி அணியாகப் பிரித்து வைத்திருந்தன. ஆங்கிலத்தில் மறுப்பதும், வினவுவதும், ஆமோதிப்பதும் இந்த 24 பேரின் தோளில்தான் நடக்கின்றன. முதன்மை வினை எத்தனை ஆயிரமாக இருந்தாலும் மறுமொழியில் அது தலைகாட்டுவதில்லை. அதன் துணைவினையே வந்து நிற்கிறது.

படிகள் எளியவை. முதலில், கேட்ட வாக்கியம் உடன்பாடா எதிர்மறையா என்று பார்க்க வேண்டும். உடன்பாடெனில் ‘ஸோ’, எதிர்மறையெனில் ‘நைதர்’. அடுத்து அதிலுள்ள துணைவினையை எடுத்துக்கொள்ள வேண்டும். துணைவினை ஒன்றும் இல்லையென்றால் காலத்துக்கேற்ப டூ, டஸ், டிட் ஆகியவற்றுள் ஒன்றை வரவழைக்க வேண்டும். பிறகு அதைத் தன் எழுவாய்க்கு இசைவாக மாற்றி, எழுவாய்க்கு முன்னே வைக்க வேண்டும். ‘ஷி இஸ் டயர்ட்’ என்றால் ‘ஸோ ஆம் ஐ’. ‘ஷி வென்ட் ஹோம்’ என்றால் ‘ஸோ டிட் ஐ’.

எழுத்தில் இது ஒரு நிமிட வேலை. பேச்சில் அரைக்கணம்கூடக் கிடைப்பதில்லை. அந்த அரைக்கணத்தில் தமிழ்க்காது தன் பழக்கப்படி வேறொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பதை நாங்கள் மெல்லத்தான் உணர்ந்தோம். ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்பதற்கு ‘எனக்கும்தான்’ என்கிறோம். ‘நான் தூங்கப் போகிறேன்’ என்பதற்கு ‘நானும்தான்’ என்கிறோம். நாம் எதிரொலிப்பது வினையை அன்று. வாக்கியத்தின் தலையில் நிற்கும் பெயரின் வேற்றுமையை. நான்காம் வேற்றுமைக்கு நான்காம் வேற்றுமை, எழுவாய்க்கு எழுவாய். வினை உடன்பாடாயினும் எதிர்மறையாயினும் அந்த ‘உம்’ அப்படியே பொருந்திவிடுகிறது. ஆங்கிலமோ தலையைப் பொருட்படுத்தாமல் இடுப்பைப் பார்க்கச் சொல்கிறது. ஆகவேதான் எங்கள் மாணவியர் ‘ஐ’ என்பதை மட்டும் பற்றிக்கொண்டு, ‘ஹாவ்ன்ட்’ காதோடு போக, ‘ஸோ டூ ஐ’ என்றார்கள். சிலர் இரண்டையும் கலந்து ‘ஸோ ஹாவ்ன்ட் ஐ’ என்றார்கள். இதைப் பெருங்குற்றம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், உடன்பாட்டு வாக்கியம் ஒன்றை ஆமோதிக்கவே ‘ஸோ டோன்ட் ஐ’ என்று சொல்லும் வழக்கு உண்டு. அங்குள்ளவர்களுக்கு அது புரியும். பிற இடங்களில் புருவம் உயரும்.

காதுக்கு வைக்கப்படும் கண்ணிகளும் உண்டு. ‘ஐ ஹாட் டு ஸ்டே’ என்பதில் ‘ஹாட்’ இருக்கிறதே என்று அதை எடுத்தால் தவறு. அங்கே அது துணைவினை அன்று, ‘ஸோ டிட் ஐ’ என்பதே மறுமொழி. ‘ஐ ஹார்ட்லி ஸ்லெப்ட்’ என்பதில் ‘நாட்’ கிடையாது. ஆயினும் பொருள் எதிர்மறையாகையால் ‘நைதர் டிட் ஐ’. ‘நெவர்’ என்ற சொல்லும் அவ்வாறே ‘நைதரை’ அழைத்துவரும். இந்த ‘நெவர்’தான் எங்களைப் பிடித்தது.

செவிலியர்களுக்கு உகந்தவாறு டிரில் தாளை நாங்களே தயாரித்திருந்தோம். வார்டு, ஊசி, இரவு டூட்டி என்று வாக்கியங்கள். அவற்றுள் ஒன்று: ‘ஐ ஹாவ் நெவர் கிவன் எ ராங் டோஸ்’. நான் ஒருபோதும் தவறான அளவில் மருந்து கொடுத்ததில்லை. ‘நெவர்’ பழக்கத்துக்காக எழுதிய வாக்கியம். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. வரிசையாக ஒவ்வொருவரும் ‘நைதர் ஹாவ் ஐ’ என்று சொல்லிவந்தனர். ஒன்பது பேர் பிழையின்றிச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு மகிழ்ச்சி.

பத்தாவதாக அமர்ந்திருந்தவர் வகுப்பிலேயே மூத்தவர். நாற்பதைக் கடந்தவர். அவர் பேசாமல் இருந்தார். துணைவினையை மறந்துவிட்டார் என்று எண்ணி, ‘ஹாவ்... ஹாவ்...’ என்று எடுத்துக்கொடுத்தோம். ‘ஐ ஹாவ்’ என்றார். ‘நைதரை’ விட்டுவிட்டார், சொல்லையும் இடம் மாற்றிவிட்டார் என்று தோன்றியது. “நைதர் ஹாவ் ஐ, சிஸ்டர்” என்று திருத்தினோம். அவர் தலையை அசைத்தார்.

“நோ, சார். ஐ ஹாவ்.”

இம்முறை ‘ஹாவ்’ அழுத்தத்தோடு வந்தது. அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்னது முழுமையான, குற்றமற்ற ஆங்கில வாக்கியம். எதிர்மறையை மறுக்கும்போது அதே துணைவினையை எடுத்து, முன்பின் மாற்றாமல், அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அதை ‘ஐவ்’ என்று சுருக்கவும் இயலாது. வாக்கியத்தின் பாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான். நாங்கள் கற்பிக்காத வடிவத்தை அவர் சரியாகச் சொன்னார். அதை நாங்கள் பிழையென்று திருத்தினோம்.

பிறகு தமிழில் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, ஒரு குழந்தைக்கு எழுதியிருந்த அளவில் புள்ளியைக் கவனிக்காமல் மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டாராம். சில நிமிடங்களில் உணர்ந்து மருத்துவரை எழுப்பிச் சொல்லியிருக்கிறார். குழந்தை பிழைத்துக்கொண்டது. “விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்ல வாய் வரலை, சார்” என்றார்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். முதல் வரிசையில், ‘நைதர் ஹாவ் ஐ’ என்று முதலாவதாகச் சொன்ன இளம்பெண், யாரும் கேட்காமலே, தாளைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: ‘ஸோ ஹாவ் ஐ.’

ஆறு வாரமாக நடந்துவந்த வகுப்பில், தாளில் இல்லாத ஒரு வாக்கியத்துக்கு, உண்மையாக ஒருவர் தந்த முதல் ஆமோதிப்பு அதுதான். துணைவினை சரி, வரிசை சரி. எங்கள் தாளில் அதுவரை இருந்த குறை என்ன என்பதும் அப்போது தெரிந்தது. அந்த டிரில்லில் எல்லா வாக்கியங்களுக்கும் விடை ஆமோதிப்பே. மறுக்க வழியே வைத்திருக்கவில்லை. உண்மையைச் சொல்ல விரும்பியவர் பிழை செய்தவராகத் தோன்றும்படி அது அமைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் தாளை மாற்றினோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு பத்திகள்: ஆம் எனில் ஒன்று, இல்லையெனில் ஒன்று. ‘ஐ லைக் நைட் டூட்டி’ என்பதற்கு ‘ஸோ டூ ஐ’, இல்லையேல் ‘ஐ டோன்ட்’. ‘ஐ டோன்ட் லைக் நைட் டூட்டி’ என்பதற்கு ‘நைதர் டூ ஐ’, இல்லையேல் ‘ஐ டூ’. அவரவர் தமக்கு உண்மையானதையே சொல்ல வேண்டும். முதலில் வேகம் குறைந்தது. ஒரு வாரத்தில் பிழைகளும் குறைந்தன. பொருளைக் கேட்டால்தான் விடை சொல்ல முடியும் என்றானபின், துணைவினையும் காதில் விழத் தொடங்கியது.

வார்டில் இது வெறும் இலக்கணம் அன்று. டூட்டி மாறும் நேரம். ஐந்தாம் படுக்கைக்கு எட்டு மணி மருந்து. ‘ஐ ஹாவ்ன்ட் கிவன் இட்’ என்கிறார் ஒருவர். உடன் பணியாற்றியவர் ‘நைதர் ஹாவ் ஐ’ என்றால் மருந்து இன்னும் போகவில்லை. யாரேனும் கொடுத்தாக வேண்டும். ‘ஐ ஹாவ்’ என்றால் போயிற்று. மீண்டும் கொடுத்தால் இரட்டிப்பு. ‘யெஸ்’ என்றால்? தமிழில் ‘கொடுக்கவில்லையா?’ என்பதற்கு ‘ஆமாம்’ என்றால் ‘ஆமாம், கொடுக்கவில்லை’ என்று பொருள். ஆங்கிலத்தில் அவ்விடத்து ‘யெஸ்’ஸைக் ‘கொடுத்தாயிற்று’ என்றே பெரும்பாலும் கொள்வார்கள். ஒரே சொல், நேரெதிர்ப் பொருள், இடையில் ஒரு நோயாளி.

ஆகவே கடைசி வகுப்பில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். தேநீர் மேசையில் ‘நைதர் ஹாவ் ஐ’ போதும். மருந்து விஷயத்தில் அது சரியாக வந்தாலும் போதாது. யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். மருந்துச் சார்ட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த ‘நெவர்’ வாக்கியத்தை நாங்கள் நீக்கவில்லை. இரண்டு பத்திகளோடு அது இன்றும் தாளில் இருக்கிறது. யாரேனும் அதன் முன் தயங்கினால் இப்போதெல்லாம் எடுத்துக்கொடுப்பதில்லை, காத்திருக்கிறோம்.